பச்சைக் கீரைச் சாறு ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிர்வது ஏன்?

கீரைப்பாத்தி எழுதியது:

வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சமையலறையில் ஒரு சிறு சோதனை செய்தோம். பசலைக்கீரை இலைகள் ஐந்தாறைக் கிள்ளி, அம்மியில் லேசாக நசுக்கி, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட் அரை டம்ளரில் பத்து நிமிடம் ஊறவைத்து, காபி வடிகட்டும் தாளில் வடிகட்டினோம். அடுப்பை அணைத்து, சன்னலையும் திறந்து வைத்த பிறகே ஸ்பிரிட் குப்பியைத் தொட்டோம். வடிந்த நீர் கண்ணாடி போலத் தெளிந்த பச்சையாக இருந்தது. அறையை இருட்டாக்கி, 395 நானோமீட்டர் என்று அச்சிட்ட ஊதா டார்ச்சை டம்ளரின் பக்கவாட்டில் காட்டியவுடன், வெளிச்சம் பட்ட இடம் மாதுளைச் சாறு போலச் சிவந்துவிட்டது. டார்ச்சை அணைத்த நொடியே பழைய பச்சை திரும்பிவிட்டது.

ஊதா நுழைகிறது, பச்சை நீர் நிற்கிறது, சிவப்பு வெளியே வருகிறது. இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்கிறாள். "உடனொளிர்வு" என்று பெயரைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆற்றல் மட்டப் படம் ஒன்றை வரைந்து யாரேனும் விளக்க முடியுமா?

தென்னங்கீற்று எழுதியது:

இது எளிய கேள்வி. இலையில் உள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைத் திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது. உங்கள் டார்ச்சில் பச்சை ஒளி கிடையாது. ஆகவே திருப்பி அனுப்பப் பச்சை இல்லாமல், டார்ச்சில் கலந்திருக்கும் கொஞ்சம் சிவப்பு மட்டும் தெரிகிறது. மலிவான டார்ச்சுகளில் இப்படிக் கலப்பு இருப்பது வழக்கம்.

கீரைப்பாத்தி எழுதியது:

நன்றி ஐயா. இலை ஏன் பச்சை என்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன், ஆனால் டார்ச்சின் மேல் நீங்கள் கொண்ட சந்தேகம் நியாயமானது. ஆகவே இரண்டு முறை சரிபார்த்தோம். முதலில் அதே டம்ளரைக் கழுவி வெறும் ஸ்பிரிட் ஊற்றி அதே டார்ச்சைக் காட்டினோம். சிவப்பு சிறிதும் இல்லை. பிறகு கீரைச் சாற்றை மறுபடி ஊற்றி, மிட்டாய் சுற்றி வந்த மஞ்சள் செலோபேன் தாளை நான்காக மடித்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தோம். டார்ச்சின் ஊதா ஏறக்குறைய மறைந்துபோக, சிவப்பு மட்டும் அப்படியே நின்றது. சிவப்பு டார்ச்சிலிருந்து வந்திருந்தால் வெறும் ஸ்பிரிட்டிலும் வெள்ளைச் சுவரிலும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

வேலன் எழுதியது:

தென்னங்கீற்று சொன்னது சரியல்ல, இது உடனொளிர்வுதான். விளக்கம் இதோ. ஒளி ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. மூலக்கூறு ஒரு பொட்டலத்தை விழுங்கி, அதில் ஒரு பங்கை வெப்பமாக இழந்து, மிச்சத்தை ஒளியாகத் துப்புகிறது. பொட்டலம் சிறுத்துவிட்டதால் அதன் அலைநீளம் கூடிவிடுகிறது. கணக்கும் எளிது. 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். உங்கள் டார்ச் 395, ஆகவே 3.14. வெளிவரும் சிவப்பு 670 அளவில் இருக்கும், ஆகவே 1.85. இழப்பு 1.29. பச்சையம் வாங்கும் சுங்கம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஊதாவுக்குப் பதிலாக 450 அளவில் உள்ள நீல டார்ச்சைக் காட்டினால், உள்ளே போவது 2.76. அதே 1.29 சுங்கம் போக மிச்சம் 1.47. அது 840 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. நம் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.

கீரைப்பாத்தி எழுதியது:

வேலன் தம்பி, உங்கள் கணக்கை நம்பி, மகளின் மிதிவண்டியில் இருந்த நீல விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தோம். இருட்டாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அதே சிவப்புதான் வந்தது! மஞ்சள் தாள் வழியாகப் பார்த்தபோது ஊதாவில் கண்ட சிவப்புக்கும் நீலத்தில் கண்ட சிவப்புக்கும் எங்கள் இருவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. நீல விளக்கில் சற்றுப் பிரகாசமாகவே இருந்தது என்று மகள் சொல்கிறாள்.

பழைய ஆய்வகம் எழுதியது:

நான் நிறமாலைக் கருவிகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா, உங்கள் மிதிவண்டி விளக்குச் சோதனையில்தான் விடையே இருக்கிறது. வேலன் சொன்னதில் முதல் பாதி சரி: ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது, அதனால் அலைநீளம் கூடுகிறது. "சுங்கம் நிலையானது" என்பதில்தான் தவறு. நிலையாக இருப்பது கடைசியில் கையில் மிஞ்சும் தொகை. உள்ளே எவ்வளவு கொண்டுவந்தாலும் பச்சையம் வெளியே விடும்போது ஏறத்தாழ 1.85 மட்டுமே கொடுக்கும். இழப்புதான் ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

படத்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

```
மேல் கிளர்நிலை   ═══════════   சுமார் 2.9
                  ↑    ⋮
                  │    ⋮  வெப்பம்
                  │    ⋮  (ஒளி இல்லை)
                  │    ↓
கீழ்க் கிளர்நிலை  │  ═══════   சுமார் 1.87
             நீலம்│    │
                  │    │  சிவப்பு ஒளி
                  │    │  சுமார் 1.85
                  │    ↓
அடிநிலை          ═══════════   0
```

எண்கள் எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ளன. நான் ஒவ்வொரு நிலையையும் இரட்டைக் கோடாக வரைந்திருந்தாலும், உண்மையில் அது மூலக்கூறின் அதிர்வுகளால் ஆன நெருக்கமான கோடுகளின் கட்டு. அதனால்தான் சரியாக 2.9 இருந்தால் மட்டுமே ஏற முடியும் என்ற கட்டாயம் இல்லை. பச்சையத்தில் 'அ' வகை 430 நானோமீட்டர் அருகில் மிக வலுவாகவும், 663 அருகில் வலுவாகவும் உறிஞ்சுகிறது. 'ஆ' வகை 455 அருகில் உறிஞ்சுகிறது. கீரையில் இரண்டும் கலந்தே இருக்கும். உங்கள் நீல விளக்கு அந்த உச்சிகளுக்கு அருகில் விழுந்திருந்தால், 395-ஐ விடப் பிரகாசமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இப்போது முக்கியமான இடம். நீல ஒளியால் மேல் நிலைக்குப் போன எலக்ட்ரான் அங்கே ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூடத் தங்குவதில்லை. மேல் நிலையின் அதிர்வுக் கோடுகளும் கீழ்க் கிளர்நிலையின் உயர்ந்த அதிர்வுக் கோடுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், அது ஒளி விடாமலே சறுக்கி இறங்குகிறது. இழந்த ஆற்றல் மூலக்கூறின் அதிர்வாகி, சுற்றியுள்ள ஸ்பிரிட் மூலக்கூறுகளை முட்டிக் கரைந்துவிடுகிறது. கீழ்க் கிளர்நிலைக்கு வந்ததும் சறுக்கல் நிற்கிறது, ஏனென்றால் அங்கிருந்து அடிநிலைக்கு உள்ள பள்ளம் மிகப் பெரியது. அங்கே அது சுமார் 5 நானோநொடி காத்திருக்கிறது. நமக்கு அது ஒன்றுமே இல்லை, ஆனால் மேலே இருந்த நேரத்தோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு. ஒளியை விட நேரம் கிடைப்பது அந்த ஒரு படியில்தான். எந்த வழியாக ஏறினாலும் குதிப்பது அதே படியிலிருந்து என்பதால் நிறம் மாறுவதில்லை.

வேலனின் கணக்கையே திருத்தி எழுதினால் இப்படி வரும். ஊதா 3.14 கொண்டுவந்து 1.29 இழக்கிறது. நீலம் 2.76 கொண்டுவந்து 0.91 இழக்கிறது. பச்சை லேசர் 532-இல் 2.33 கொண்டுவருகிறது. பச்சையத்துக்குப் பச்சை அவ்வளவாகப் பிடிக்காது, ஆனாலும் கொஞ்சம் விழுங்கி 0.48 இழந்து அதே சிவப்பைத் தரும். லேசரை மட்டும் வீட்டில் முயல வேண்டாம், டம்ளரின் வளைவில் தெறித்து கண்ணில் படும்.

மஞ்சள் தாள் வைத்துப் பார்த்தீர்களே, அது மிகப் பழைய முறை. ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-இல் கொய்னா மரப்பட்டையின் கொயினைன் கரைசலை ஆராய்ந்தபோது, ஒளி வரும் பக்கம் ஒரு வடிகட்டியும் கண்ணின் பக்கம் அதற்கு எதிரான இன்னொரு வடிகட்டியும் வைத்து, நுழைந்த ஒளியும் வெளிவந்த ஒளியும் வெவ்வேறு என்று காட்டினார். இலைச் சாற்றின் சிவப்பை அதற்கும் முன்பே, 1833-இல், டேவிட் புரூஸ்டர் கண்டிருந்தார். அது நிறம் மாறிப் பிறந்த ஒளி என்று அவர் கொள்ளவில்லை.

வேலன் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. மிதிவண்டி விளக்கு என் சுங்கச்சாவடியை இடித்துவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி நெருடுகிறது. ஊதாவின் ஆற்றலில் நாற்பது விழுக்காடு வெப்பமாகப் போகிறது என்றால் டம்ளர் சூடாக வேண்டாமா?

பழைய ஆய்வகம் எழுதியது:

போட்டுப் பார்ப்போம். கைக்கடக்கமான டார்ச்சிலிருந்து கரைசலுக்குள் உறிஞ்சப்படும் ஒளி தாராளமாக வைத்தாலும் அரை வாட். அதாவது நொடிக்கு அரை ஜூல். அரை டம்ளர் ஸ்பிரிட்டை 50 மில்லிலிட்டர் என்று கொண்டால், அதை ஒரு பாகை சூடேற்ற நூறு ஜூல் அளவில் வேண்டும். அந்த அரை வாட் முழுவதும் வெப்பமானாலும் ஒரு பாகை ஏற மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் டம்ளர் காற்றுக்குக் கொஞ்சம் வெப்பத்தைக் கொடுத்தும் விடும். கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

உண்மையில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேலேயே வெப்பமாகிறது. கீழ்க் கிளர்நிலைக்கு வந்த மூலக்கூறுகள் எல்லாமே ஒளி விடுவதில்லை. நல்ல கரைசலில் பத்தில் மூன்று அளவில்தான் சிவப்பைத் தரும், மற்றவை வேறு வழிகளில் சத்தமின்றி இறங்கிவிடும். படத்தில் அந்த வழிகளை நான் வரையவில்லை, வரைந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மளிகைக்கடை மாணிக்கம் எழுதியது:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்குக் கீரை விற்கத்தான் தெரியும். ஆனால் எங்கள் கடையில் நோட்டுச் சோதிக்கும் ஊதா விளக்கு இருக்கிறது. சென்ற வாரம் ஒரு வாடிக்கையாளர் கொடுத்த ஐந்நூறு ரூபாய் நோட்டை விளக்கில் காட்டினால் நோட்டு முழுவதும் நீலமாகப் பளிச்சிட்டது. நல்ல நோட்டில் எண் அச்சிட்ட பட்டையும் அங்கங்கே சிறு இழைகளும்தான் ஒளிரும், தாள் இருண்டே இருக்கும். கள்ளநோட்டு என்று நினைத்து வாங்க மறுத்தேன், அவர் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதுவும் இந்த உடனொளிர்வுதானா? கீரை சிவப்பாகவும் நோட்டு நீலமாகவும் ஒளிர்வது ஏன்?

பழைய ஆய்வகம் எழுதியது:

அண்ணாச்சி, அந்த நோட்டு சட்டைப் பையில் கிடந்து துணியோடு துவைக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. சலவைத் தூளில் வெண்மையைக் கூட்டிக் காட்டும் சாயம் ஒன்று இருக்கிறது. அது 370 நானோமீட்டர் சுற்றிய, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை விழுங்கி, 435 அருகில் நீலத்தை விடும். வெள்ளை வேட்டி வெயிலில் பளிச்சென்று தெரிவதற்கு அந்த நீலமும் ஒரு காரணம். அச்சாயம் பருத்தியில் நன்றாக ஒட்டும், நோட்டுத் தாளும் பருத்திதான். விளக்கு ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், நீர்க்குறிப் படத்தையும் பாதுகாப்பு இழையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

நிறம் ஏன் வேறு என்றால், படிகளின் உயரம் வேறு. அந்தச் சாயத்தின் கீழ்க் கிளர்நிலை அடிநிலையிலிருந்து மூன்று எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு உயரத்தில் இருக்கிறது, ஆகவே அங்கிருந்து குதித்தால் நீலம். பச்சையத்தின் படி 1.87-இல் தாழ்ந்திருக்கிறது, ஆகவே சிவப்பு. இதிலிருந்து இன்னொன்றும் புரியும். மிதிவண்டியின் நீல விளக்கை உங்கள் வேட்டியில் காட்டினால் சாயம் ஒளிராது, ஏனென்றால் 2.76 கொண்டு மூன்றுக்கு மேலுள்ள படியில் ஏற முடியாது. இறங்கும்போது வெப்பமாகக் கொஞ்சம் தொலைக்கலாம், ஏறும்போது கடன் கிடைப்பது மிக அரிது.

வேலன் எழுதியது:

"மிக அரிது" என்கிறீர்கள். அப்படியானால் கடன் கிடைப்பதும் உண்டா?

பழைய ஆய்வகம் எழுதியது:

உண்டு. அறை வெப்பத்தில் சில மூலக்கூறுகள் அடிநிலையிலேயே கொஞ்சம் அதிர்ந்துகொண்டிருக்கும். அவை அந்த அதிர்வையும் சேர்த்துக்கொண்டு ஏறினால், விழுங்கியதைவிடச் சற்றே குறுகிய அலைநீளத்தை விட முடியும். பச்சையத்தின் உறிஞ்சல் உச்சிக்கும் வெளியீட்டு உச்சிக்கும் இடைவெளி பத்து நானோமீட்டருக்கும் குறைவு என்பதால், அங்கே இது கருவியில் பிடிபடும். கண்ணால் காண்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆற்றுமணல் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் முயன்றேன். எனக்கு வரவில்லை. ஒரு கட்டு முருங்கைக்கீரையை மிக்சியில் அரைத்து ஸ்பிரிட்டில் ஊறவைத்தேன். நீர் கருமையான பச்சையாக, மிகவும் சத்துள்ளதாக வந்தது. டார்ச்சை டம்ளரின் ஒரு பக்கம் வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். இருட்டுதான். முருங்கைக்கு இந்தக் குணம் இல்லையா?

கீரைப்பாத்தி எழுதியது:

எங்களுக்கும் முதல் தடவை இப்படித்தான் ஆயிற்று, ஐந்தாறு இலை என்பது இரண்டாம் முயற்சி. நிறைய இலை போட்டால் நன்றாக ஒளிரும் என்று நானும் நினைத்திருந்தேன்.

பழைய ஆய்வகம் எழுதியது:

முருங்கையில் குறை இல்லை, சாறு கெட்டியாகிவிட்டது, பார்த்த இடமும் தவறு. அவ்வளவு அடர்ந்த கரைசலில் ஊதா முழுவதும் கண்ணாடியை ஒட்டிய முதல் மில்லிமீட்டரிலேயே விழுங்கப்பட்டுவிடும். சிவப்பு அங்கேதான் பிறக்கிறது. அது எதிர்ப்பக்கம் வர வேண்டுமானால் டம்ளர் முழுவதையும் கடக்க வேண்டும். பச்சையம் 663-இலும் உறிஞ்சும் என்று சொன்னேன் அல்லவா, தான் விட்ட 670-ஐ வழியில் உள்ள அடுத்த மூலக்கூறே விழுங்கிவிடுகிறது. அரைத்த கீரையின் துகள்கள் மிதந்தால் ஊதாவைச் சிதறடித்து இன்னும் கெடுக்கும். வடிகட்டி, ஒரு தேக்கரண்டிச் சாற்றை அரை டம்ளர் புது ஸ்பிரிட்டில் கலந்து, டார்ச் நுழையும் அதே பக்கத்திலிருந்து பாருங்கள்.

ஆற்றுமணல் எழுதியது:

வந்துவிட்டது! நீர்த்த கரைசலில் டார்ச்சின் ஒளிக்கற்றை போகும் பாதை முழுவதும் சிவப்புக் குழல் போலத் தெரிகிறது. கெட்டிச் சாற்றிலும் நுழையும் பக்கத்தில் ஒரு மெல்லிய சிவப்புப் படலம் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ஆனால் கெட்டிச் சாற்றின் சிவப்பு இன்னும் ஆழமாக, கருஞ்சிவப்பாகத் தெரிகிறதே. ஒரே படியிலிருந்து குதித்தால் ஒரே நிறம் என்று சொன்னீர்கள்.

பழைய ஆய்வகம் எழுதியது:

நல்ல கண். குதிக்கும் படி ஒன்றுதான், ஆனால் தரையும் ஒரு கட்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள். பெரும்பாலானவை அடிநிலையின் அடியிலேயே விழுந்து 670 அருகில் தருகின்றன. சில, அடிநிலையின் உயர்ந்த அதிர்வுக் கோட்டில் விழுந்து 720, 730 அருகில் தருகின்றன. கெட்டிச் சாறு முதல் வகையை வழியிலேயே விழுங்கிவிட்டு இரண்டாம் வகையை விட்டுவிடுகிறது. எனவே வெளியே வருவது இன்னும் ஆழ்ந்த சிவப்பு. பழைய குறுந்தகடு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து அதில் பிரதிபலிக்கும் சிவப்பைப் பார்த்தால், பட்டை இடம் நகர்வது தெரியக்கூடும்.

தென்னங்கீற்று எழுதியது:

என் முதல் பதில் தவறு என்று இப்போது புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். இதே பச்சையம்தான் இலைக்குள்ளும் இருக்கிறது. தோட்டத்தில் உயிரோடு நிற்கும் இலையில் இரவில் டார்ச்சைக் காட்டினேன், சிவப்பு தெரியவில்லை.

பழைய ஆய்வகம் எழுதியது:

இலைக்குள் அந்த 5 நானோநொடிக் காத்திருப்பை முழுதாக அனுபவிக்க விடமாட்டார்கள். கீழ்க் கிளர்நிலையில் நிற்கும் ஆற்றலைப் பக்கத்து மூலக்கூறு வாங்கி, அதற்கடுத்தது வாங்கி, சர்க்கரை செய்யும் இடத்துக்குக் கைமாற்றி எடுத்துப் போய்விடுகிறார்கள். மிகுதியானால் வெப்பமாகக் கழிக்கும் ஏற்பாடும் இலையில் உண்டு. ஒளியாகத் தப்புவது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஸ்பிரிட்டில் கரைத்தபோது நாம் அந்த வரிசையைக் கலைத்துவிட்டோம், ஒவ்வொரு மூலக்கூறும் தனியாளாக நிற்கிறது, ஆற்றலைக் கொடுக்க ஆளில்லாமல் ஒளியாக விடுகிறது. அடர்சிவப்பு வடிகட்டி ஒன்றைக் கண்ணில் வைத்து முழு இருட்டில் பார்த்தால் உயிருள்ள இலையிலும் மங்கலாகத் தெரியும்.

கீரைப்பாத்தி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. மூன்று நாள்களுக்கு முன் செய்த கரைசலை இரண்டு குப்பிகளில் ஊற்றி, ஒன்றை அலமாரியிலும் மற்றொன்றைச் சன்னலோரத்திலும் வைத்திருந்தோம். இரண்டுமே பச்சை குன்றிப் பழுப்பேறிவிட்டன. அலமாரிக் குப்பி பழுப்பாக இருந்தும் சிவப்பாக நன்றாகவே ஒளிர்கிறது. சன்னலோரக் குப்பி வெளிறிப்போய், ஊதாவில் ஏறக்குறைய இருண்டு கிடக்கிறது.

பழைய ஆய்வகம் எழுதியது:

அலமாரிக் குப்பியில், இலையில் இருந்த அமிலம் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தைப் பிடுங்கியிருக்கும். நிறம் பழுப்பாகும், ஆனால் கீழ்க் கிளர்நிலை ஏறத்தாழ அதே உயரத்தில் இருப்பதால் சிவப்பு ஒளி தொடரும். சன்னலோரத்தில் வெயிலும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து மூலக்கூறின் வளையத்தையே உடைத்துவிட்டன என்று நினைக்கிறேன்.

வேலன் எழுதியது:

சன்னலோரம் வெயில் மட்டுமல்ல, சூடும்தான். எது காரணம் என்று இரண்டு குப்பிகளை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவது குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி அதே சன்னலோரத்தில் வைத்தால் சூடு படும், ஒளி படாது. இந்த முறை முடிவை நான் முன்கூட்டிக் கணிக்கப்போவதில்லை.

கீரைப்பாத்தி எழுதியது:

இன்று மாலையே வைத்துவிட்டோம். நான்காவதாக ஒரு குப்பியைக் கழுத்துவரை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடி வெயிலில் வைக்கலாமா என்று மகள் கேட்கிறாள். ஸ்பிரிட் விரிந்து மூடி தெறிக்கும் என்று நான் இன்னும் சம்மதிக்கவில்லை.